எந்த கே.கே.நகர்?

திருச்சி கே.கே.நகரில் வாஷிங் மெஷின் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ட்ரம் ஏன் சத்தம் போடுகிறது என்று யூடியூபில் வீடியோ போட்டார். தேய்ந்துபோன பேரிங்கைக் கையில் சுழற்றி, கரகரவென்ற சத்தத்தையே கேட்கவைத்திருந்தார். மறுநாளே போன்: "அண்ணே, நாங்களும் கே.கே.நகர்தான், எப்ப வருவீங்க?" தெருப் பெயரைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அது சென்னை கே.கே.நகர். மதுரையிலும் ஒன்று இருக்கிறது.

தலைப்பில் பேட்டைப் பெயர் இருந்தது. ஊர்ப் பெயர் இல்லை. இரண்டும் ஒட்டி நிற்க வேண்டும். தேடுபவர்களில் பாதிப்பேர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு. அதனால் தலைப்பை இப்படி மாற்றினோம்:

வாஷிங் மெஷின் சர்வீஸ் கே.கே.நகர் திருச்சி | Washing Machine Service KK Nagar Trichy

யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்துதான் இடம். தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியே கணக்காகும். 'திருச்சி' நமக்கு நாலு எழுத்து, அதற்கு எட்டு. போன் திரையில் தலைப்பின் வால் வெட்டுப்படும் என்பதால் தொழிலும் இடமும் முன்னால் வந்தன.

ட்ரம் சத்தம் விவரக்குறிப்பின் முதல் வரிக்குப் போனது. அந்தப் பகுதியில் முதல் இரண்டு மூன்று வரிதான் தொடாமலே கண்ணில் படும். "ட்ரம் சத்தமா? திருச்சி கே.கே.நகர், டிவிஎஸ் டோல்கேட், சுப்ரமணியபுரம், ஏர்போர்ட் பக்கம் வீட்டுக்கே வருகிறோம்" என்று எழுதினோம். வெறும் 'டோல்கேட்' என்று விட்டால் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கமுள்ள நம்பர் ஒன் டோல்கேட்காரர் கூப்பிடுவார். நண்பர் உண்மையிலேயே போகிற இடங்கள் மட்டும்தான் பட்டியலில் உண்டு. நாற்பது ஏரியாவை வரிசையாகக் கொட்டினால் யூடியூப் அதை ஸ்பேம் என்று எடுத்துக்கொள்ளும், வீடியோவே போய்விடலாம்.

டேக் பெட்டிக்கு அவ்வளவு மதிப்பில்லை. Trichi, Tiruchi என்று மாற்றி எழுதுகிறவர்களுக்காக மட்டும் அதை வைத்துக்கொண்டோம். மாறாக, வீடியோவின் தொடக்கத்திலேயே ஊரையும் பேட்டையையும் வாயால் சொல்லி, சப்டைட்டிலிலும் எழுதிப் போட்டோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கூகுள் மேப்பைப்போலக் கடைக்கும் தேடுபவருக்கும் உள்ள தூரத்தை அளந்து வரிசைப்படுத்தும் வேலை யூடியூபுடையது அல்ல. அதனால் அதே வீடியோவில் 30 வினாடியை வெட்டி, மேப்பில் உள்ள கடையின் பக்கத்திலும் ஏற்றினோம். அங்கே அதற்கு மேல் நீளம் ஏற்காது. கோப்பும் 75 எம்பிக்குள் இருக்க வேண்டும்.

பலித்ததா என்று பார்க்க யூடியூப் ஸ்டூடியோவில் அனலிடிக்ஸைத் திறந்து, யூடியூப் தேடல் வழியாக வந்தவர்கள் தட்டிய சொற்களைப் பார்க்கலாம். முன்பு அங்கே 'washing machine sound' மாதிரி ஊர் பேர் இல்லாதவைதான் நிறைந்திருந்தன. போன மாதம் நண்பர் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மூன்றாவது வரியில், 'washing machine repair tvs tolgate' என்று ஒரு எல் குறைவாக யாரோ தட்டியிருந்தார்கள். அந்த எழுத்துப் பிழையையும் அன்றைக்கே டேக்கில் சேர்த்துவிட்டார்.