நான்கு வரி அறிவிப்பும் ஆகஸ்டில் பிறந்த குழந்தையும்

பொங்கல் முடிந்த கையோடு வாட்ஸ்அப் குழுக்களில் பள்ளிச் சேர்க்கைப் படங்கள் வரத் தொடங்கிவிடும். சிரிக்கும் குழந்தையின் படம். அதன் கீழே நான்கு வரி:

“2026–27 எல்.கே.ஜி. சேர்க்கை தொடக்கம். வயது: 3+. பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படத்துடன் வரவும். ஓபன் ஹவுஸ்: பிப்ரவரி முதல் வாரம். கட்டண விவரங்களுக்குப் பள்ளி அலுவலகத்தை அணுகவும்.”

எல்லாம் சொன்னது போலத்தான் இருக்கிறது. ஆனால் 2023 ஆகஸ்ட் 12 அன்று பிறந்த ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு இதைப் படித்துப் பாருங்கள். சென்னையில் வசிக்கும் குடும்பம்; தலைப்பிரசவம் என்பதால் குழந்தை பிறந்தது மதுரையில், அம்மாவின் தாய்வீட்டில். அந்தப் பெற்றோருக்கு இந்த நான்கு வரிகளில் ஒன்றுகூட முழு விடை தராது.

முதலில் வயது. ‘3+’ என்றால் எந்தத் தேதியில் மூன்று முடிந்திருக்க வேண்டும்? சேர்க்கையில் வயதைவிட அந்தக் கணக்குத் தேதிதான் முக்கியம். தமிழ்நாட்டில் 25 சதவீத இட ஒதுக்கீட்டுச் சேர்க்கைக்குப் பள்ளிக்கல்வித் துறை ஜூலை 31ஐ அந்தத் தேதியாக வைத்திருக்கிறது. அன்று எல்.கே.ஜி.க்கு மூன்று வயதும், ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயதும் முடிந்திருக்க வேண்டும். அதன்படி 2026–27 எல்.கே.ஜி.க்கு 2022 ஆகஸ்ட் 1 முதல் 2023 ஜூலை 31 வரை பிறந்தவர்களே சேர முடியும். நம் குழந்தைக்குப் பன்னிரண்டு நாள் போதவில்லை. 2027 ஜூனில் எல்.கே.ஜி., 2029 ஜூனில் ஒன்றாம் வகுப்பு என்று ஓராண்டு தள்ளிப்போகும்.

ஒன்றாம் வகுப்புக்கு எல்லாப் பள்ளிகளிலும் ஒரே வயது இல்லை. கேந்திரிய வித்யாலயாவில் சேர, சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். இதே குழந்தைக்கு ஆறு முடிவது 2029 ஆகஸ்டில். ஆகவே அங்கே ஒன்றாம் வகுப்பில் நுழைய 2030 ஏப்ரல் ஆகிவிடும். 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் ஆறு வயதையே சொல்வதால், அந்தக் கணக்கைப் பின்பற்றும் பள்ளியில் மூன்று வயதுக் குழந்தையின் வகுப்புக்கு ‘பிரீ.கே.ஜி.’ என்ற பெயர் இருக்கலாம். பலகையில் ‘எல்.கே.ஜி.’ என்றிருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. “இந்த வகுப்பில் சேர்ந்தால் ஒன்றாம் வகுப்புக்கு எந்த ஆண்டு போவாள்?” என்று கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். வேலை மாற்றலில் ஊர்விட்டு ஊர் போகும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

இரண்டாவது வரி சான்றிதழ்கள். மருத்துவமனையில் வீடு திரும்பும்போது தந்த சீட்டைப் பிறப்புச் சான்றிதழ் என்று நினைத்துக் கோப்பில் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு. சான்றிதழ் தருவது பிறப்பைப் பதிவு செய்யும் அலுவலகம்தான். அதுவும் குழந்தை எங்கே பிறந்ததோ அந்த ஊரின் அலுவலகம். நம் குடும்பம் சென்னை மாநகராட்சியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. பதிவு மதுரையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பதிவான சான்றிதழை crstn.org தளத்திலிருந்து கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

இறக்கியதும் பெயர் இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிவு செய்துவிடுவதால் பல சான்றிதழ்களில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். பதிவான ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகு பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். இந்த வேலைக்கு நாளாகும் என்பதால் சேர்க்கை வாரத்தில் தொடங்கினால் சரிவராது. எழுத்துப் பிழையும் இனிஷியலும் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருந்தால் இப்போதே சரிசெய்துவிடுங்கள். பள்ளியில் பதிவாகும் பெயர்தான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரை கூடவே வரும்.

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அன்றும் அதன் பிறகும் பிறந்தவர்களுக்குக் கல்வி நிலையச் சேர்க்கையில் பிறந்த தேதிக்கான ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். ஆகஸ்டில் பிறந்த நம் குழந்தைக்கு இது பொருந்தாது. 2027 எல்.கே.ஜி.யில் அவளோடு உட்காரப்போகும் பலருக்குப் பொருந்தும். ஆதார் விஷயம் வேறு. பள்ளிச் சேர்க்கைக்கு அதைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. இருந்தால் கொடுக்கலாம். இல்லை என்பதற்காக இடம் மறுக்கப்பட்டால், மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

மூன்றாவது வரி ஓபன் ஹவுஸ். ‘முதல் வாரம்’ என்று எழுதினால் வேலைக்குப் போகும் பெற்றோர் எந்த நாளுக்கு விடுப்புச் சொல்வார்கள்? அன்றைக்கே விண்ணப்பம் தருவார்களா, முன்பதிவு வேண்டுமா, குழந்தையை அழைத்து வரலாமா என்பதும் தெரிய வேண்டும். போனவர்கள் வரவேற்பு மண்டபத்தோடு திரும்பிவிடாமல், மழலையர் வகுப்பறையையும் அந்தக் குழந்தைகளின் கழிப்பறையையும் காட்டச் சொல்ல வேண்டும். ஒரு வகுப்பில் எத்தனை குழந்தைகள், ஆசிரியருக்குத் துணையாக ஆயா உண்டா என்று அங்கேயே கேட்கலாம்.

“சும்மா நாலு கேள்வி” என்று குழந்தையைத் தனியே அழைத்துப்போய் நிறம், எண், எழுத்து கேட்டால் கவனியுங்கள். தேர்வு வைத்துக் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டுவதை 2009இன் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடுக்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரையிலும், அதன் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். ஆனால் இதற்கு எல்லை உண்டு. அந்தச் சட்டம் ‘குழந்தை’ என்பது ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ளவரை. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடைசி வரிதான் பெற்றோரைத் தயங்க வைப்பது. ‘அலுவலகத்தை அணுகவும்’ என்றால் பேரம் பேசலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கேட்டால் மதிப்புக் குறையும் என்று சிலர் கூசுகிறார்கள். இரண்டுக்கும் தேவையில்லை. 2009இன் தமிழ்நாடு பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிக் கட்டணத்தை மூன்று கல்வியாண்டுகளுக்கு நிர்ணயிக்கிறது. அலுவலகத்தில் “எவ்வளவு சார்?” என்று கேட்பதைவிட, “கட்டணக் குழு நிர்ணயித்த உத்தரவைப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். பேருந்து, சீருடை, புத்தகத்துக்குத் தனித்தனியாக எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ‘இடம் பிடிக்க’ முன்பணம் கேட்டால், சேராவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு, ரசீது இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள். சேர்க்கைக்காக நன்கொடை வாங்குவதையும் அதே 13ஆம் பிரிவு தடுக்கிறது; வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்க வழி இருக்கிறது.

அறிவிப்பு எழுதும் பள்ளியும் அதே நான்கு வரியில் இதையெல்லாம் சொல்லிவிடலாம்:

“2026–27 எல்.கே.ஜி.: 1.8.2022 முதல் 31.7.2023 வரை பிறந்தவர்கள். பெயருடன் கூடிய பிறப்புச் சான்றிதழ் அசலும் நகலும், புகைப்படம் 2. ஆதார் இருந்தால் நகல். ஓபன் ஹவுஸ்: 7.2.2026 சனி, காலை 10 முதல் 1 வரை. முன்பதிவு வேண்டாம், குழந்தையுடன் வரலாம், விண்ணப்பம் அன்றே தரப்படும். கட்டணக் குழுவின் உத்தரவு அலுவலகப் பலகையில் உள்ளது. வேலை நாட்களில் கணக்காளரிடம் கேட்கலாம்.”

இதைப் படித்த ஆகஸ்ட் குழந்தையின் அப்பா பிப்ரவரியில் விடுப்பு எடுத்திருக்க மாட்டார். இன்னும் ஓராண்டு இருக்கிறது என்று தெரிந்து, மதுரைப் பதிவில் பெயரைச் சேர்க்கும் வேலையைப் பார்த்திருப்பார்.