எட்டுப் பேர், ஏழு பேர்

இரண்டு பேர், மூன்று பேர் என்று தொடங்கிப் பத்து வரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எட்டும் பத்தும் மட்டும் மற்ற எண்களோடு ஒட்டாது. எட்டுப் பேர், பத்துப் பேர் என்று அங்கே ஒரு ‘ப்’ வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐந்து பேர், ஒன்பது பேர் என்பவற்றில் அது வருவதில்லை. ‘வல்லினம் மிகும் இடங்கள்’ என்ற நீண்ட பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதைவிட, இந்த எண்களிலிருந்து பாடத்தைத் தொடங்குவது நல்லது.

இதற்கு அட்டைகள் போதும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதிக்கொள்ளலாம்: படித்து, கேட்டு, விற்று, வந்து, செய்து, அழுது. வேறு சில அட்டைகளில் க, ச, த, ப என்னும் எழுத்துகளில் தொடங்கும் சொற்கள்: கொடுத்தான், சொன்னான், தந்தான், பார்த்தான். ட, ற இரண்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராததால் இந்த நான்கோடு வேலை முடிந்தது.

இனிப் பிள்ளைகள் முதல் வகை அட்டையின் கடைசி எழுத்தை விரலால் மறைத்து, அதற்கு முன் நிற்பதைப் பார்க்க வேண்டும். ‘கேட்டு’ என்பதில் ‘டு’வை மறைத்தால் ‘ட்’ நிற்கிறது. அது வல்லின மெய். ஆகவே மிகும் குவியல்: கேட்டுச் சொன்னான். படித்துப் பார்த்தான், விற்றுத் தந்தான் ஆகியவையும் அங்கேதான். ‘வந்து’வில் நிற்பது மெல்லின ‘ந்’, ‘செய்து’வில் இடையின ‘ய்’, ‘அழுது’வில் ‘ழு’. மூன்றும் மிகாக் குவியலுக்குப் போகும்: வந்து பார்த்தான், செய்து கொடுத்தான், அழுது தீர்த்தான். முதல் குவியலுக்கு இலக்கணம் வைத்த பெயர் வன்தொடர்க் குற்றியலுகரம். பிள்ளைகள் பிரித்து முடித்தபின் பெயரைச் சொன்னால் போதும், முன்னால் சொன்னால் மிரளுவார்கள்.

யாராவது ‘வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?’ என்று கேட்பார்கள். ‘கள்’ விகுதி, தனிச்சொல் அல்ல. அந்தச் சண்டையை இந்த அட்டைகளுக்குள் விடாதீர்கள்.

அடுத்துப் பெயர்ச்சொல் அட்டைகளை எடுத்தால் விரல் வித்தை பாதி தூரம்தான் வரும். ‘கொக்கு’ சிக்கல் தராது. கொக்குப் பறந்தது, கொக்குக் கூட்டம் என்று எங்கும் மிகும். ‘குரங்கு’தான் ஏமாற்றும். விரலை வைத்தால் ‘ங்’ தெரிகிறது, மிகாது என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். ‘குரங்கு கடித்தது’ வரை அது சரி. ‘குரங்குக் குட்டி’ வந்தவுடன் தவறாகிவிடும். கடித்தது குரங்கு, அங்கே அது எழுவாய். குட்டியோ குரங்கினுடைய குட்டி. நடுவில் ஓர் உருபு மறைந்திருப்பதால் ‘க்’ மிகுகிறது. பாம்பு சீறியது, பாம்புச் சட்டை. மருந்து கசந்தது, மருந்துக் கடை என்று இணை இணையாக அட்டை எழுதி, ‘உடைய’, ‘விற்கும்’ என்று எதையாவது இடையில் நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழைந்தால் மிகும் குவியலில் வைக்கலாம்.