'டூன்' முடித்தாயிற்று, 'டூன் மெசையா'வுக்குப் போகும் முன்

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டூன்' 1965இல் புத்தகமாக வந்தது. அடுத்த நாவலான 'டூன் மெசையா' 1969இல் வந்தது. எழுதியவருக்கு இடைவெளி நான்கு ஆண்டுதான். கதைக்குள்ளோ 12 ஆண்டுகள் ஓடிவிட்டன. இளைஞனாக அரியணையைப் பிடித்த பால் அட்ரெய்டீஸ் இப்போது பழுத்த பேரரசன். முன்கதைச் சுருக்கம் சொல்லி நம்மை உள்ளே அழைத்துப்போகும் பழக்கம் ஹெர்பர்ட்டுக்குக் கிடையாது. முதல் நாவலைப் படித்து நாளாகிவிட்டவர்களும், படங்களை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாம் புத்தகத்தைக் கையில் எடுப்பவர்களும் முதல் சில பக்கங்களிலேயே திணறுவது அதனால்தான். (முதல் நாவலையே இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரையை இப்போது மூடிவைத்துவிடலாம். கதை முழுக்க இங்கே வெளியே வந்துவிடும்.)

பெரும்பாலானோர் நினைவில் நிற்பது மணற்புழு சவாரியும் போர்களும் கத்திச் சண்டைகளும்தான். இரண்டாம் நாவலுக்கு அவற்றால் அதிகப் பயனில்லை. அது நிற்பது முதல் நாவலின் கடைசி அத்தியாயத்தில், தோற்ற பேரரசன் ஷாதாமின் முன்னிலையில் நடக்கும் பேரத்தின் மேல். மறுபடி படிக்க ஒரே ஓர் அத்தியாயத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அதைப் படியுங்கள்.

அங்கே பால் எப்படி வெல்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். விண்ணில் எதிரிகளின் கப்பல்கள் காத்து நிற்கின்றன. அவற்றைத் திருப்பி அனுப்ப அவன் பயன்படுத்துவது ஒரு மிரட்டல். ஸ்பைஸ் விளையும் இடத்தில் 'உயிர்நீர்' என்ற நஞ்சைச் சேர்த்தால் ஒன்றைத் தொட்டு ஒன்றாக அழிவு பரவி, கிரகம் முழுவதும் ஸ்பைஸ் உற்பத்தியே நின்றுபோகும்; அதைச் செய்யத் தயங்க மாட்டேன் என்கிறான். விண்கலப் போக்குவரத்தைத் தன் பிடியில் வைத்திருக்கும் கில்ட் பணிந்துவிடுகிறது. அதன் மாலுமிகள் ஸ்பைஸ் இல்லாமல் கலங்களை ஓட்ட முடியாது. ஆக, கில்ட் அன்று அன்பினால் பணியவில்லை, அச்சத்தினால் பணிந்தது. அந்த அச்சம் 12 ஆண்டுகளில் கரைந்துவிடவில்லை. (படத்தில் அணுகுண்டால் ஸ்பைஸ் வயல்களை அழிப்பதாக மிரட்டுவான். நாவலில் வழி வேறு.)

பேரத்தின் அடுத்த பாதி திருமணம். பேரரசனின் மகள் இருலானை பால் மணக்கிறான், அரியணைக்கு உரிமை கிடைப்பதற்காக மட்டும். அவளைத் தொட மாட்டேன், அவள் வயிற்றில் எனக்குப் பிள்ளை பிறக்காது என்று அந்த இடத்திலேயே சானியிடம் சொல்லிவிடுகிறான். சானிக்கு மனைவி என்ற பட்டம் இல்லை, மனம் முழுக்க அவளுக்குத்தான். நாவலின் கடைசி வார்த்தைகளில் ஜெஸிகா சானியைத் தேற்றுவதும் இதைச் சொல்லித்தான். படம் பார்த்தவர்கள் இங்கே தங்கள் நினைவைத் திருத்திக்கொள்ள வேண்டும்: 2024இல் வந்த இரண்டாம் படத்தில் சானி கோபித்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போய்விடுவாள். நாவலில் அவள் எங்கும் போவதில்லை. இரண்டாம் நாவலில் பாலின் அருகிலேயே இருக்கிறாள். படத்தில் வராத இன்னொரு துயரமும் அவர்களுக்கு உண்டு. முதல் மகன் லெட்டோ, கைக்குழந்தையாக இருக்கும்போதே சர்தாகர் படைத் தாக்குதலில் கொல்லப்பட்டான். பேரரசனுக்கு வாரிசு இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் அடுத்த கதை சுழல்கிறது.

வாரிசு என்றதும் பெனி ஜெஸரிட் பெண் துறவியர் நினைவுக்கு வரவேண்டும். பல தலைமுறைகளாகக் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து இணைத்து, எதிர்காலத்தையும் கடந்தகாலத்தையும் ஒருசேரக் காணும் ஓர் ஆணை உருவாக்க முயன்றவர்கள் அவர்கள். ஜெஸிகா பெற வேண்டியது ஒரு மகளை. அந்த மகளை ஹார்கொன்னன் வாரிசுக்குக் கட்டிக்கொடுப்பது திட்டம். துணைவன் மேல் வைத்த அன்பினால் அவள் மகனைப் பெற்றாள். எதிர்பார்த்தவன் ஒரு தலைமுறை முன்னால், கட்டுப்பாட்டுக்கு வெளியே பிறந்துவிட்டான். அவர்கள் இழந்த அந்த ரத்தவழி இப்போது பாலிடமும் அவன் தங்கை ஆலியாவிடமும் மட்டுமே இருக்கிறது. ஆலியாவையும் படம் மாற்றியிருக்கிறது. நாவலில் அவள் போரின்போதே பிறந்து வளர்ந்த சிறுமி; பாரன் ஹார்கொன்னனைக் கொல்வது அவள்தான், பால் அல்ல. தாய் உயிர்நீரைக் குடித்தபோது கருவிலேயே முன்னோர்களின் நினைவுகள் அத்தனையும் பெற்றுவிட்டவள்.

சரி, பாலுக்குத்தான் எதிர்காலம் தெரியுமே, அவனுக்கு எதிராக யார் சதி செய்ய முடியும்? இந்தக் கேள்விக்கு முதல் நாவலிலேயே விடை ஒளிந்திருக்கிறது. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் ஃபென்ரிங் பிரபு என்றொருவர் நிற்பார். தன் தரிசனங்கள் எதிலும் இந்த மனிதரைப் பார்த்ததே இல்லை என்று பாலுக்கு உறைக்கும். அவரும் பால் போன்றவராக ஆகியிருக்கக்கூடியவர், கிட்டத்தட்ட. அதாவது, அந்த ஆற்றலின் சாயல் உள்ள மற்றவர்கள் அவன் பார்வைக்கு மறைவாக இருக்கலாம். கில்ட் மாலுமிகளுக்கும் ஸ்பைஸ் வழியாக எதிர்காலம் கொஞ்சம் தெரியும் என்பதை இதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபென்ரிங் படத்தில் இல்லாததால், படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தக் குறிப்பே கிடைத்திருக்காது. என்னைக் கேட்டால் படத்தில் நேர்ந்த பெரிய இழப்பு இதுதான்.

அவன் பார்த்த தரிசனங்களிலும் ஒன்றை மறக்கக்கூடாது. தந்தை வீழ்ந்த பின் பாலைவனக் கூடாரத்தில் தாயோடு பதுங்கியிருக்கும்போதே, தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வெறியோடு பிரபஞ்சமெங்கும் பரவும் படைகளைக் காண்கிறான். அதைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் நாவல் முழுக்க அவனைத் துரத்துகிறது. கடைசிக் கத்திச் சண்டைக்கு முன் அவனுக்குப் புரிந்துவிடுகிறது, தான் செத்தாலும் அந்தப் போர் நிற்காது என்று. நண்பனாக இருந்த ஸ்டில்கர் கண்ணெதிரே பக்தனாக மாறிப்போவதையும் அவன் கவனிக்கிறான். 'மெசையா' தொடங்கும்போது அந்தப் போர் நடந்து பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஹெர்பர்ட் அதைக் காட்சியாகக் காட்டுவதே இல்லை. போர்க்களத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இது அறைகளுக்குள் நடக்கும் நாவல். முதல் நாவலைத் தொடராக வெளியிட்ட 'அனலாக்' பத்திரிகையின் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் இதை வேண்டாமென்று திருப்பி அனுப்பினார். பிறகு 'கேலக்ஸி'யில் வந்தது.

சின்ன விஷயங்கள் இரண்டு. டங்கன் ஐடஹோவை நாவல் வாசகர்கள் லேசாகவே நினைவு வைத்திருப்பார்கள், அவன் வரும் பக்கங்கள் குறைவு. ஃப்ரெமென் மக்களிடம் அட்ரெய்டீஸ் தூதனாக முதலில் போனவன் அவன். பாலும் ஜெஸிகாவும் தப்பிப்பதற்காக சர்தாகர்களைத் தடுத்து நின்று உயிரைக் கொடுத்தவன். அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். ட்லைலாக்ஸ் என்ற பெயரும் அப்படித்தான். பாரனிடம் வேலை பார்த்த கொடூரமான பைட்டர் அங்கே உருவாக்கப்பட்டவன் என்று போகிற போக்கில் ஒரு குறிப்பு வரும். அந்த ஆட்கள் இம்முறை நேரிலேயே வருகிறார்கள்.

முதல் நாவலின் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் ஒரு மேற்கோள் இருக்குமே, அவற்றில் மிகப் பல இருலான் எழுதிய நூல்களிலிருந்து எடுத்தவை. பெனி ஜெஸரிட்டிடம் பயின்றவள், கணவனால் தொடப்படாதவள், அவனுடைய வரலாற்றை எழுதுகிறாள். அவளை வெறும் பெயராக விட்டுவிட்டால் இரண்டாம் நாவலின் முதல் சதியாலோசனையில் அவள் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்பது பிடிபடாது.

'மெசையா' முதல் நாவலைவிட மிகச் சிறியது, சில மாலைகளில் முடித்துவிடலாம். இணையத்தில் பெயர்களைத் தேடாதீர்கள். குறிப்பாக டங்கனின் பெயரைத் தட்டினால் முதல் வரியிலேயே குட்டு உடைந்துவிடும். ஐயம் வந்தால் முதல் நாவலின் கடைசியில் இருக்கும் சொல்லகராதியைப் புரட்டுங்கள், அது போதும்.