இரண்டு சொல் மாறினால் எட்டுத் துண்டு போகும்

ஆயிரம் மாணவர்களின் கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமென்றால் 4,99,500 ஜோடிகளைப் படித்தாக வேண்டும். இணையத்தில் கிடக்கும் பக்கங்களையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். நகல் எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் அந்த வம்புக்கே போவதில்லை. கட்டுரையைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் ஓர் எண்ணாக்கி, அந்த எண் ஏற்கெனவே தன்னிடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது.

துண்டு போடும் விதத்தில்தான் சூட்சுமம். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘வைகை ஆற்றில் தண்ணீர் வரும் நாட்களில் மதுரை மக்கள் பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.’ பன்னிரண்டு சொற்கள். நான்கு சொல்லுக்கு ஒரு துண்டு என்று வைத்தால், முதல் துண்டு ‘வைகை ஆற்றில் தண்ணீர் வரும்’. இரண்டாவது துண்டு ஐந்தாம் சொல்லில் தொடங்காது. ஒரே ஒரு சொல் நகர்ந்து ‘ஆற்றில் தண்ணீர் வரும் நாட்களில்’ என்று வரும். இப்படி ஒன்றின் மேல் ஒன்று ஏறியபடி ஒன்பது துண்டுகள் கிடைக்கும். ஏறாமல் வெட்டினால், நகலெடுத்தவர் முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்ததுமே எல்லா வெட்டும் இடம்மாறி, எதுவும் பொருந்தாமல் போய்விடும்.

ஒவ்வொரு துண்டிலிருந்தும் கணக்கிடப்படும் எண்தான் அதன் கைரேகை. ஒரே துண்டு எந்தக் கட்டுரையில் வந்தாலும் ஒரே எண்தான். 1987இல் கார்ப், ராபின் இருவரும் வெளியிட்ட முறையில், அடுத்த துண்டுக்கு எண்ணை முதலிலிருந்து போட வேண்டியதில்லை. விலகிய சொல்லின் பங்கைக் கழித்து, புதிதாக நுழைந்ததன் பங்கைக் கூட்டினால் போதும். எண்ணுக்கு எதிரே அது எந்த ஆவணத்தில், எந்த இடத்தில் இருக்கிறது என்று பட்டியலில் எழுதி வைத்திருப்பார்கள். புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவைப் பார்ப்பது போன்ற வேலைதான் தேடல். 1997இல் ஆந்திரே பிராடரும் உடன் பணியாற்றியவர்களும் சுமார் 3 கோடி இணையப் பக்கங்களைப் பத்துச் சொல் துண்டுகளாக்கி, ஒன்று போலிருப்பவற்றை இந்த வழியில்தான் பிரித்தார்கள்.

எல்லா எண்களையும் சேமித்தால் பட்டியல் கட்டுரைகளைவிடப் பெரிதாகிவிடும். அதனால் சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். எதை வைப்பது? இதற்கு 2003இல் ஷ்லைமர், வில்கர்சன், ஐக்கன் மூவரும் சொன்ன வழி எளிமையானது. அடுத்தடுத்த எண்களை, நான்கு நான்காக என்று வைத்துக்கொள்வோம், பார்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு நான்கிலும் மிகச் சிறியதை மட்டும் சேமிப்பது. இதில் ஓர் உத்தரவாதமும் உண்டு. நமது அளவுகளின்படி, ஏழு சொற்கள் தொடர்ந்து ஒத்துப்போனால் குறைந்தது ஒரு கைரேகையாவது பொருந்தியே தீரும். அதற்குக் குறைந்தால் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இப்போது நகலெடுப்பவர் ‘வரும்’ என்பதை ‘பாயும்’ என்று மாற்றுகிறார். அந்தச் சொல் இருந்த நான்கு துண்டுகளும் போயின, ஐந்து மிஞ்சுகின்றன. ‘நாட்களில்’ தொடங்கிக் கடைசிவரை எட்டுச் சொற்கள் அப்படியே இருப்பதால் மென்பொருள் இன்னும் பிடித்துவிடும். அடுத்து ‘பாலத்தின்’ என்பது ‘பாலத்து’ ஆகிறது. ஒரு விகுதி மாற்றம்தான், ஆனால் இன்னும் நான்கு துண்டுகள் காலி. ஒன்பதில் ஒன்றே ஒன்று, ‘மேல் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்’, மட்டும் மிச்சம். அது சேமிக்கப்பட்ட எண்ணாக இருந்தால்தான் உண்டு. பன்னிரண்டில் பத்துச் சொற்கள் மாறவில்லை, படிக்கிற மனிதருக்கு இது அதே வாக்கியம்தான். கைரேகைக்கோ, சிறிது மாறிய துண்டும் முற்றிலும் வேறு துண்டும் ஒன்றுதான். எண்ணில் ‘கிட்டத்தட்ட’ என்பது கிடையாது.

தமிழில் இந்தச் சிக்கல் கூடுதல். ‘வந்து விட்டது’ என்பதைச் சேர்த்து ‘வந்துவிட்டது’ என்று எழுதினால் பொருள் துளியும் மாறாது. நான்கு சொல் துண்டில் ஐந்து துண்டுகள் வரை அழியும். ஒற்று விட்டாலும் அதே கதி. ‘கொ’ என்ற எழுத்தைக்கூட யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம்: ஒரே உயிர்க்குறியாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசம் தெரியாது, எண் மட்டும் மாறிவிடும். ஆகவே துண்டு போடுவதற்கு முன்பே எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும், நிறுத்தற்குறிகளை நீக்க வேண்டும். சொல்லிடைவெளியையே எடுத்துவிட்டு எழுத்துகளைக் கொண்டு துண்டு போட்டால், சேர்த்தெழுதும் தொல்லை தீரும்.

கணினி நிரல்களைச் சோதிக்கும் ‘மாஸ்’ இதில் ஒரு படி மேலே போகிறது. மாறிகளின் பெயர்களைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டுத்தான் கைரேகை எடுக்கிறது. அதனால் பெயரை மட்டும் மாற்றி வைக்கும் மாணவர் தப்ப முடிவதில்லை. கட்டுரைக்கு அப்படி உதறிவிடக்கூடிய பகுதி எது என்று சொல்வது கடினம்.

துண்டைச் சிறிதாக்கினால் என்ன? மூன்று சொல்லாக்கினால் தப்பிப்பவர்கள் குறைவார்கள்தான். ஆனால் ‘இந்த ஆய்வின் நோக்கம்’ என்று எழுதிய அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள். அதனால் அறிக்கையில் வரும் சதவீதத்தைவிட, பொருத்தங்கள் விழுந்திருக்கும் இடங்களைப் பார்ப்பதுதான் பயன் தரும். மூன்று நான்கு சொல் பொருத்தங்கள் கட்டுரை முழுக்கச் சிதறி, வெவ்வேறு ஆவணங்களைக் காட்டினால் அவை பெரும்பாலும் வழக்கமான சொற்றொடர்கள். அதே சிறு பொருத்தங்கள் ஒரே பத்தியில் நெருங்கி விழுந்து, எல்லாமே ஒரே ஆவணத்தை, அதுவும் அதே வரிசையில் காட்டினால், இடையிலுள்ள சொற்கள் மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த இரண்டு பத்திகளையும் பக்கத்தில் வைத்து ஒருவர் படித்துத்தான் பார்க்க வேண்டும்.