டார்வினின் இரண்டு குட்டைச் செடிகள்

தன் மகரந்தத்தாலேயே கருவுற்ற செடியின் வாரிசு, வேறு செடியின் மகரந்தத்தால் கருவுற்றதன் வாரிசைவிட நலிந்து வளருமா? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் பல ஆண்டுகள் செடி வளர்த்த சார்லஸ் டார்வின், முடிவுகளை 1876இல் நூலாக வெளியிட்டார். அதில் மக்காச்சோளச் சோதனையும் ஒன்று. ஒரே சமயத்தில் முளைத்த விதைகளை, கலப்பில் பிறந்தது ஒன்று, தற்கருவுறலில் பிறந்தது ஒன்று என்று இணையாக எடுத்து, ஒரே தொட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நட்டார். நான்கு தொட்டிகள், மொத்தம் 15 இணைகள்.

13 இணைகளில் கலப்புச் செடியே உயரம். மற்ற இரண்டில் நிலைமை தலைகீழ். அந்த இரண்டிலும் கலப்புச் செடி வெறும் 12 அங்குலம்தான் வளர்ந்திருந்தது. மற்ற கலப்புச் செடிகள் அனைத்தும் 18 அங்குலத்தைத் தாண்டியவை. குட்டைச் செடிகளின் துணைகளோ 20⅜ அங்குலமும் 18 அங்குலமும் வளர்ந்திருந்தன. கலப்புச் செடியின் உயரத்திலிருந்து துணையின் உயரத்தைக் கழித்தால் ஒன்றில் −8⅜, இன்னொன்றில் −6 அங்குலம் வருகிறது.

இந்த இரு எண்களை என்ன செய்வது? அளவுகோலைத் தவறாகப் படித்ததற்கோ, குறிப்பேட்டில் பிழையாக எழுதியதற்கோ தடயம் இல்லை. செடி உண்மையிலேயே குட்டை. கலப்பில் பிறந்த செடிகளில் சில இப்படி வளர்ச்சி குன்றுமானால், அதுவும் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதிதான். இரண்டையும் நீக்கினால் சராசரி வித்தியாசம் 2.62 அங்குலத்திலிருந்து 4.13 அங்குலமாக ஏறிவிடும். ஆனால் நமக்குப் பிடித்த முடிவுக்கு எதிராக நிற்பவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் கிடைக்கும் 4.13 அது. அதை யாரும் நம்பத் தேவையில்லை.

நீக்காமல் வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. 1935இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் தன் நூலில் இதே 15 வித்தியாசங்களை எடுத்துக்கொண்டு வழக்கமான டி-சோதனையைச் செய்து காட்டினார். விடை 2.148. 5 சதவீத எல்லையைத் தாண்ட 2.145 வேண்டும், மயிரிழையில் தாண்டுகிறது. உண்மையான சராசரி வித்தியாசம் இருக்கக்கூடிய 95 சதவீத இடைவெளி ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து 5.23 அங்குலம் வரை நீள்கிறது. காரணம், தள்ளி நிற்கும் எண்கள் டி-சோதனையை இரு பக்கமும் அடிக்கின்றன. மேலே சராசரியைக் கீழிழுக்கின்றன. கீழே, வகுக்கும் எண்ணுக்கு அடிப்படையான திட்டவிலக்கத்தை ஊதிவிடுகின்றன. இந்த இரண்டும் இல்லாவிட்டால் திட்டவிலக்கம் 2.69 அங்குலம், இருந்தால் 4.72.

இங்கேதான் கத்தரித்த சராசரி உதவிக்கு வருகிறது. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, இரு முனைகளிலும் ஒரே அளவு விட்டுவிட்டு, நடுவில் இருப்பவற்றுக்குச் சராசரி காண்பது இந்த முறை. 20 சதவீதம் என்று வைத்தால் 15 எண்களில் முனைக்கு மூன்று. கீழ்முனையில் இரு குட்டைச் செடிகளின் எண்களோடு மூன்றாவதாக ¾ அங்குலமும் போகிறது. மேல்முனையில் 9⅜, 7½, 7 அங்குலம் என்று டார்வினின் கருத்துக்கு மிகச் சாதகமானவையும் போகின்றன. எஞ்சிய ஒன்பதின் சராசரி 3.22 அங்குலம். எந்த எண் போக வேண்டும் என்பதை ஆய்வாளரின் விருப்பு வெறுப்பு தீர்மானிக்கவில்லை, வரிசை தீர்மானிக்கிறது.

இதற்குப் பிறகு பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. எஞ்சிய ஒன்பதை மட்டும் புதிய தரவுபோல் எடுத்து டி-சோதனைக்குள் போட்டுவிடுகிறார்கள். விடை 6ஐ நெருங்கும், பி-மதிப்பு 0.0003 அளவுக்குச் சரிந்துவிடும். பார்க்கப் பிரமாதம், ஆனால் பொய். முனைகளை வெட்டிய பிறகு மிச்சம் இருப்பவை நெருக்கமாகத்தான் இருக்கும். அந்த நெருக்கம் நாம் வெட்டியதால் வந்தது.

சரியான வழியை ஜான் டியூக்கியும் மெக்லாஃப்லினும் 1963இல் வகுத்தார்கள். சிதறலைக் கணக்கிடும்போது எந்த எண்ணையும் வெளியேற்றுவதில்லை. கீழ்முனையின் மூன்றையும் நான்காவது எண்ணான 1 அங்குலமாகவும், மேல்முனையின் மூன்றையும் அங்கே எஞ்சியதில் பெரியதான 6⅛ அங்குலமாகவும் மாற்றி எழுதுகிறோம். 15 எண்களும் இருக்கின்றன. முனையில் இருப்பவை எல்லை வரை வந்து நின்றுகொள்கின்றன. இவற்றின் திட்டவிலக்கம் 2.09 அங்குலம். அதை 15இன் வர்க்கமூலத்தாலும், நடுவில் எஞ்சிய பங்கான 0.6ஆலும் வகுத்தால் பிழையளவு 0.90 அங்குலம். 3.22க்கும் இதற்கும் உள்ள விகிதம் 3.59. தன்னுரிமை எண் 14 அல்ல, எஞ்சிய ஒன்பதில் ஒன்று குறைய 8. பி-மதிப்பு சுமார் 0.007. இடைவெளி 1.15 முதல் 5.29 அங்குலம் வரை.

0.0497 எங்கே, 0.007 எங்கே! ஆனால் சிறியதாக இருப்பதால் இரண்டாவதைப் பிடித்துக்கொள்வது நேர்மையாகாது. கத்தரிக்கும் அளவை 10 சதவீதமாக்கிப் பார்த்தால் இது புரியும். அப்போது முனைக்கு ஒரே ஓர் எண்தான் போகும். −8⅜ போய்விடும், −6 உள்ளேயே இருக்கும், ஏனெனில் தள்ளி நிற்கும் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சராசரி 2.94 அங்குலம், சோதனையோ மறுபடி 5 சதவீத எல்லையை ஒட்டியே நிற்கிறது. அளவை மாற்றினால் முடிவின் பலம் மாறுகிறது. ஆகவே எவ்வளவு வெட்டுவது என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். டார்வினின் எண்களை எல்லோரும் பார்த்தபின் இன்று போடும் கணக்குக்கு அந்தத் தகுதி கிடையாது. முறை எப்படி வேலை செய்கிறது என்று காட்டத்தான் அது பயன்படும்.

வேறு சோதனைகளும் இருக்கின்றன. வித்தியாசங்களின் குறிகளை எல்லா விதத்திலும் மாற்றிப் பார்த்து ஃபிஷர் செய்த சோதனையில் 5.3 சதவீதம் வந்தது. அது எண்களின் பரவல் பற்றிய அனுமானத்தை விட்டாலும் சராசரியை விடவில்லை. எனவே இரு குட்டைச் செடிகளின் இழுப்பு அப்படியே இருந்தது. தரவரிசையைக் கொண்டு பார்க்கும் வில்காக்சன் சோதனை 0.041 தருகிறது. அதில் −8⅜ எத்தனை அங்குலம் என்பது மறைந்து, 15இல் 14ஆம் இடம் என்பது மட்டும் மிஞ்சும்.

இத்தகைய தரவை எழுதும் ஆய்வாளர் வாசகரிடம் இவ்வளவையும் வைத்துவிடலாம்: 15 இணைகளின் சராசரி வித்தியாசம் 2.62 அங்குலம், இடைவெளி 0.00 முதல் 5.23 வரை, 20 சதவீதம் கத்தரித்த சராசரி 3.22, இடைவெளி 1.15 முதல் 5.29 வரை, எந்த இணையும் நீக்கப்படவில்லை, இரு இணைகளில் கலப்புச் செடி 12 அங்குலமே வளர்ந்தது. கூடவே 15 புள்ளிகளையும் காட்டும் ஒரு படம். வெட்டும் அளவு எப்போது முடிவு செய்யப்பட்டது என்பதற்கு ஒரு வரி.

இரண்டு சராசரிகளும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன என்பதையும் அங்கேயே எழுத வேண்டும். நடுவாந்தரமான ஓர் இணையில் கலப்புச் செடி எவ்வளவு ஓங்கும் என்று கேட்டால் 3.22 பொருத்தமான பதில். நூறு இணைகளை நட்டால் கலப்புச் செடிகளின் மொத்த உயரம் எவ்வளவு கூடும் என்று கேட்டால் குட்டைச் செடிகளையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அதற்கு 2.62தான் பதில், அதன் இடைவெளி எவ்வளவு அகலமாக இருந்தாலும்.