கடலுக்குள் நீண்ட சிவப்புக் கோடு

உடன்படிக்கையின் சொற்கள் தெளிவாகப் பொருள் தராதபோது, அது உருவான பேச்சுவார்த்தைப் பதிவுகளையும், பின்னர் அரசுகள் நடந்துகொண்ட முறையையும் சான்றாகத் தேடுகிறோம். மலேசியரான நமக்கு அண்மையான வழக்கொன்று அத்தேடலை விளக்கும்.

1891இல் பிரிட்டனும் நெதர்லாந்தும் போர்னியோவில் எல்லை வகுத்தன. கிழக்குக் கரையிலிருந்து 4°10′ வட அகலக்கோட்டின்வழி, செபாத்திக் தீவுக்குக் குறுக்கே எல்லை செல்லும் என்றது நான்காம் விதி. தீவைத் தாண்டிக் கடலிலும் அது நீளுமா? நீளும் என்றது இந்தோனேசியா. நீண்டால், கோட்டுக்குத் தெற்கிலுள்ள லிகித்தானும் சிப்பாடானும் அதற்கே உரியவை.

அதன் வலிமையான சான்று, டச்சு நாடாளுமன்றத்திற்கு அளிக்கப்பட்ட விளக்கக் குறிப்பின் வரைபடம். அதில் சிவப்புக் கோடு கடலுக்குள் நீண்டிருந்தது. ஹேக்கிலிருந்த பிரிட்டிஷ் தூதர் அதன் படியை லண்டனுக்கு அனுப்பியும் இருந்தார். ஆனால் டச்சு அரசு அதைப் பிரிட்டனிடம் முறைப்படி சேர்ப்பிக்கவில்லை. ஆகவே லண்டனின் மௌனம் இசைவாகாது என்றது அனைத்துலக நீதிமன்றம். இத்தகைய கோப்பைத் திறப்பவர் வரைபடத்தில் மயங்குமுன், அது யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்று உடன்வந்த கடிதத்தில் பார்ப்பது நன்று.

நடைமுறையும் துணைநிற்கவில்லை. 1915ஆம் ஆண்டு எல்லை உடன்பாட்டில் கோடு செபாத்திக்கின் கிழக்குக் கரையிலேயே முடிந்திருந்தது.

2002 டிசம்பர் 17 அன்று தீவுகள் மலேசியாவுக்கே உரியவை எனத் தீர்ப்பாயின. ஆயினும் அவ்வுரிமை உடன்படிக்கையிலிருந்து பிறக்கவில்லை. 1917 முதல் ஆமை முட்டை சேகரிப்பை ஒழுங்குபடுத்தியதும், 1962, 1963இல் கலங்கரை விளக்கங்கள் எழுப்பியதும் போன்ற ஆட்சிச் செயல்களே அதைத் தந்தன.