மெஸ் கமிட்டி நோட்டில் எதை எழுத வேண்டும்?

தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகள் பலவற்றில் மாதத்துக்கு ஒரு மாலை, சாப்பாட்டுக்கூடத்திலேயே இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு மெஸ் கமிட்டி கூடுகிறது. ஒரு பக்கம் வார்டனோ துணை வார்டனோ இருப்பார். மெஸ் மேலாளரும் சமையல் மாஸ்டரும் அவருக்குப் பக்கத்தில். எதிரே ஒவ்வொரு ஆண்டிலிருந்தும் வந்த மாணவப் பிரதிநிதிகள். நடுவில் நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று. எல்லோரும் அதை மினிட்ஸ் புத்தகம் என்கிறார்கள். பேச்சு எவ்வளவு சூடாக நடந்தாலும் மறுநாள் சமையலறைக்குப் போய்ச் சேருவது அந்த நோட்டில் ஏறிய வரிகள் மட்டுமே.

அதில் வழக்கமாக எழுதப்படும் வரி இப்படி இருக்கும்: “சாம்பார் தரமாக இல்லை என மாணவர்கள் தெரிவித்தனர். சரிசெய்வதாக மேலாளர் உறுதியளித்தார்.” அடுத்த மாதம் இதை வைத்து யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. எந்த நாள் சாம்பார், என்ன குறை, யார் எப்போது சரிசெய்ய வேண்டும் என்ற எதுவுமே அதில் இல்லை. அதே புகாரை வேறு மாதிரியும் எழுதலாம்: “வியாழன் இரவு சாம்பாரில் பருப்பு குறைவு. 10ஆம் தேதி முதல் ஸ்டோரில் பருப்பை எடை போட்டு வழங்கும்போது அன்றைய மெஸ் பிரதிநிதி உடனிருந்து இண்டென்ட் சீட்டில் கையெழுத்திடுவார். பொறுப்பு: மேலாளர்.” இப்போது அடுத்த கூட்டத்தில் சீட்டுகளை எடுத்துப் பார்த்தாலே போதும். கையெழுத்து இருக்கும், அல்லது இருக்காது.

இப்படி எழுதுவதன் அருமை பில்லைப் பற்றிப் பேசும்போதுதான் முழுதாகத் தெரியும். கூட்டத்தில் அதிக நேரம் வாக்குவாதம் நடப்பதும், மாணவர்களுக்குக் குறைவாகப் புரிவதும் அந்த விஷயம்தான்.

பல விடுதிகளில் இன்றும் நடப்பது ‘டிவைடிங்’ முறை. மெஸ்ஸுக்கு ஆன மொத்தச் செலவை மாணவர்கள் சாப்பிட்ட நாட்களால் வகுத்து ஒரு நாள் விலையைக் கண்டுபிடிப்பார்கள். லாபம் வைக்கக் கூடாது என்பது இதன் அடிப்படை. ஒரு கணக்குக்காக 300 பேர் தங்கும் விடுதியை எடுத்துக்கொள்வோம். மாதத் தொடக்கத்தில் ஸ்டோரில் இருந்த சரக்கு 1,60,000 ரூபாய். மாதம் முழுக்க வாங்கியது 7,80,000. மாத இறுதியில் மிஞ்சிய சரக்கு 2,20,000. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால், சமைத்துத் தீர்ந்த பொருளின் மதிப்பு 7,20,000 ரூபாய். சமையல்காரர், உதவியாளர் சம்பளம் 1,92,000, கேஸ் 48,000 என்று வைத்தால் மொத்தம் 9,60,000.

அடுத்து நாட்கள். 300 பேர், 30 நாள் என்றால் 9,000 சாப்பாட்டு நாட்கள். ஊருக்குப் போனவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வாங்கிய ‘மெஸ் ரிடக்‌ஷன்’ மொத்தம் 1,000 நாட்கள் என்றால், மீதி 8,000. ஆக ஒரு நாளுக்கு 120 ரூபாய். மாதம் முழுக்க இருந்தவருக்கு 3,600. ஐந்து நாள் ரிடக்‌ஷன் வாங்கியவருக்கு 3,000.

கணக்கு எளிமையானது. இடறும் இடம் மாத இறுதிச் சரக்கு. ஸ்டோரில் இருக்கும் அரிசி மூட்டை, எண்ணெய் டின், பருப்புச் சாக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் எடை போட்டு விலை கட்டினால்தான் அந்தத் தொகை சரியாக வரும். பல இடங்களில் இது கண்ணளவில் முடிந்துவிடுகிறது. 2,20,000 என்று இருக்க வேண்டியது 1,80,000 என்று எழுதப்பட்டால், தீர்ந்த பொருளின் மதிப்பு 40,000 ரூபாய் கூடிவிடும். அதை 8,000 நாட்களால் வகுத்தால் நாளுக்கு ஐந்து ரூபாய். மாதம் முழுக்க இருந்த ஒவ்வொரு மாணவரின் பில்லிலும் 150 ரூபாய் ஏறியிருக்கும். சரக்கு உண்மையில் ஸ்டோரில் இருந்து, எண்ணியதில்தான் பிசகு என்றால், அடுத்த மாதம் அதைச் சமைக்கும்போது விலை குறைந்து அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். சரக்கு ஸ்டோரை விட்டே போயிருந்தால் திரும்பி வராது. இறுதியாண்டு மாணவர்களுக்கோ எண்ணியதில் பிசகு என்றால்கூட நஷ்டம்தான். அடுத்த மாத பில் வருவதற்குள் அவர்கள் விடுதியைக் காலி செய்திருப்பார்கள்.

ஆகவே மினிட்ஸில் கட்டாயம் ஏற வேண்டிய ஒரு வரி உண்டு. மாதத்தின் கடைசி நாளில் இரண்டு மாணவப் பிரதிநிதிகளும் துணை வார்டனும் ஸ்டோரில் நின்று இருப்பை எடை போட்டுச் சரிபார்த்தார்கள் என்பதும், அந்தத் தொகை எவ்வளவு என்பதும். போன மாத இறுதிச் சரக்கும் இந்த மாதத் தொடக்கச் சரக்கும் ஒரே தொகையாக இருக்க வேண்டும். இரண்டு மாத மினிட்ஸை அருகருகே வைத்துப் பார்த்தால், கணக்குப்பதிவியல் படிக்காத மாணவருக்கும் இந்த வித்தியாசம் கண்ணில் படும்.

பில் தொடர்பாக ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் கழிந்ததும் எழும் கேள்வி ஒன்று இருக்கிறது. “ஜனவரியில் பாதிப் பேர் ஊரில்தானே இருந்தோம், அப்புறம் எப்படி சார் ஒரு நாள் விலை ஏறியது?” என்று கேட்பார்கள். இதில் முறைகேடு இருக்க வேண்டும் என்பதில்லை. ஆள் குறைந்தால் அரிசியும் காய்கறியும் குறையும். மாதச் சம்பளம் வாங்கும் சமையல்காரரின் சம்பளம் குறையாது. மேலே சொன்ன 1,92,000 ரூபாய் சம்பளத்தை 8,000 நாட்களால் வகுத்தால் நாளுக்கு 24 ரூபாய். சாப்பாட்டு நாட்கள் 6,000 ஆகக் குறைந்த மாதத்தில் அதுவே 32 ரூபாய். வேறெதுவும் மாறாமலே விலை எட்டு ரூபாய் ஏறிவிடும். வார்டன் இதைக் கூட்டத்தில் வாயால் விளக்கிவிட்டுப் போவதைவிட, பொருள் செலவு இவ்வளவு, சம்பளம் இவ்வளவு, கேஸ் இவ்வளவு என்று மூன்றாகப் பிரித்து மினிட்ஸில் எழுதி, அந்தப் பக்கத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் சந்தேகத்துக்கே இடமிருக்காது. அப்படிச் செய்ய வார்டன்கள் தயங்குவதற்குச் சரியான காரணம் எதுவும் இல்லை.

மெனு மாற்றத்தையும் பில்லோடு சேர்த்தே பேச வேண்டும். செவ்வாய் இரவு சேமியா உப்புமாவை யாரும் தொடுவதில்லை, சப்பாத்தி குருமா போடுங்கள் என்று மாணவர்கள் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். “செய்யலாம் தம்பி, யார் தேய்க்கிறது?” என்பதுதான் மாஸ்டரின் முதல் பதிலாக இருக்கும். அது தட்டிக்கழிப்பு என்று மாணவர்கள் நினைப்பார்கள். கணக்குப் போட்டால் அவர் பக்கம் தெரியும். 280 பேர், ஆளுக்கு நான்கு என்றால் 1,120 சப்பாத்தி. ஒன்றுக்கு 30 கிராம் மாவு வைத்தாலும் 34 கிலோ. உப்புமா ஒரு அண்டாவில் அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். சப்பாத்தியை ஒவ்வொன்றாகத் தேய்த்து, கல்லில் போட்டுத் திருப்பி எடுக்க வேண்டும். மூன்று பேர் மாலை நான்கு மணிக்கே உட்கார்ந்தாக வேண்டும். மாவு விலையைவிட ஆள் பற்றாக்குறைதான் அங்கே தடை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு எடை இருக்கிறது: மிச்சமாகி ஊற்றப்படும் உணவு. உப்புமா நாளில் தட்டிலிருந்தும் அண்டாவிலிருந்தும் குப்பைக்குப் போவதைத் தனி வாளியில் சேர்த்து எடை போட்டு, வேறு நாட்களோடு ஒப்பிட்டால், பிடிக்காத உணவுக்கு விடுதி என்ன விலை கொடுக்கிறது என்பது தெரிந்துவிடும். நான்கு வாரத்துக்குச் சோதனையாகச் சப்பாத்தி போடுவது, இரண்டு நாளும் வாளியை எடை போடுவது, நான்காவது வார முடிவில் தொடர்வதா விடுவதா என்று தீர்மானிப்பது. மினிட்ஸில் இப்படிக் கெடுவோடு எழுதிய மெனு மாற்றம்தான் நிலைக்கிறது. கெடு இல்லாமல் “பரிசீலிக்கப்படும்” என்று முடித்த மாற்றங்கள் இரண்டு வாரம் ஓடிவிட்டு, மறுபடி பழைய உப்புமாவிலேயே வந்து நிற்கும்.

சுகாதாரம் பற்றிய பகுதியில் முடி கிடந்தது, ஈ விழுந்தது என்பவை முதலில் வரும். கண்ணுக்குத் தெரிவதால் அவற்றைச் சொல்வது எளிது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து சோற்றில் இருக்கிறது. மதியத்துக்கு வடித்து மிஞ்சிய சோற்றை அண்டாவிலேயே மூடி வைத்து, இரவில் எலுமிச்சை சாதமாகவோ ஃப்ரைட் ரைஸாகவோ மாற்றுவது பல மெஸ்களில் வழக்கம். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமையல் சூட்டில் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருக்கும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சோறு ஊசிய வாடை அடிக்க வேண்டும் என்பதுமில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஓரிரு மணி நேரத்தில், ஒரே உணவைச் சாப்பிட்ட பலருக்கு ஒன்றாக வாந்தி வந்தால் முதலில் விசாரிக்க வேண்டியது அந்தச் சோறு எத்தனை மணிக்கு வடித்தது என்பதைத்தான்.

சமைத்த உணவை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதை மினிட்ஸ் மொழிக்கு மாற்றுவது கடினமில்லை: “மதியச் சோறு இரவுக்குப் பயன்படுத்தப்படாது. ஒவ்வொரு அண்டாவிலும் இறக்கிய நேரம் சாக்பீஸால் எழுதப்படும்.” இரவு ஏழரைக்குச் சாப்பிட வரும் எந்த மாணவரும் அண்டாவைப் பார்த்தே சரிபார்த்துக்கொள்ளலாம்.

எண்ணெய்க்கும் சட்டத்தில் ஒரு வரம்பு இருக்கிறது. மீண்டும் மீண்டும் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் ‘போலார்’ சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையத்தின் விதி. 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. இதை அளக்கும் கருவி எல்லா விடுதியிலும் இருக்காது. கறுத்துப் போவது, கொழகொழப்பது, அடங்காமல் நுரைப்பது, சீக்கிரமே புகைவது ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். சமையல் ஆட்களுக்கு ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதும் அந்த ஆணையத்தின் விதிமுறைகளில் உள்ளது. சான்றிதழ்களின் தேதியைக் கேட்டு மினிட்ஸில் குறித்துக்கொள்ளும் உரிமை கமிட்டிக்கு இருக்க வேண்டும்.

ஒப்பந்தக்காரர் நடத்தும் மெஸ்களில் கதை கொஞ்சம் மாறும். அங்கே நாள் விலை டெண்டரிலேயே முடிவாகிவிடுவதால் ஸ்டோர் கணக்கு மாணவர் கைக்கு வராது. செலவைக் குறைத்தால் லாபம் ஒப்பந்தக்காரருக்கு என்பதால், அடி வாங்குவது அளவும் தரமும்தான். கறி நாளில் தலைக்கு எத்தனை கிராம், தயிர் எத்தனை மில்லி என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கமிட்டி முதல் கூட்டத்திலேயே கேட்டு, அந்தப் பக்கத்தின் நகலை மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டிக்கொள்வது நல்லது. குறைத்துப் பரிமாறியதற்கு அபராதம் பிடிக்க ஒப்பந்தம் இடம் தந்தாலும், தேதியும் எடையும் குறித்து ஒப்பந்தக்காரரின் ஆள் கையெழுத்துப் போட்ட பதிவு இருந்தால்தான் கல்லூரி அலுவலகம் அவருடைய பில்லில் துணிந்து கைவைக்கும். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போவதற்கு முன்பே, அந்த இடத்திலேயே நோட்டை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மறுநாள் கேட்டால், அப்படி நான் சொல்லவே இல்லை என்பார்கள்.